வாடிப்பட்டியில் நின்ற லாரி: ஓர் ஆத்தங்குடிக் கல் ஒப்பந்தமும் அதன் திவால் ஷரத்தும்

2023 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. மதியம் மூன்று மணிக்கு ஆத்தங்குடிப் பக்கத்தில் கல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார். “தம்பி, செக் திரும்பிடுச்சு. லாரி மதுரையைத் தாண்டிடுச்சு. என்ன செய்யட்டும்?”

அந்த ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பித்த வேலை அடுத்த ஆண்டு பங்குனி வரை நீண்டது. நான் காரைக்குடியில் வக்கீல். சிறு வியாபாரிகளின் ஒப்பந்தங்களைப் பார்த்துக் கொடுப்பது என் அன்றாட வேலை. எதிர்த்தரப்புக்குக் கடன் கட்ட முடியாமல் போனால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற ஷரத்து இப்போது எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிறது. எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியதாக இருப்பதால் அதை யாரும் படிப்பதில்லை. அது எப்போது வேலை செய்யும், எப்போது கைவிடும் என்பதை இந்த வழக்கில் நாள்வாரியாகப் பார்க்க முடிந்தது. அண்ணனின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன்.

ஒப்பந்தம்

வாங்குபவர் சென்னையில் பதிவான ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். கொடைக்கானல் மலையடிவாரத்தில் செட்டிநாட்டு வீட்டு பாணியில் விடுதி கட்டிக்கொண்டிருந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நம் ஊர் வீட்டின் அமைப்பை அப்படியே எடுத்திருந்தார்கள். தரைக்கு 12,000 சதுர அடி கல் வேண்டும். சதுர அடி 110 ரூபாய். வரி தனி, கணக்கு எளிதாக இருக்க இங்கே வரியைச் சேர்க்கவில்லை. மொத்தம் 13,20,000 ரூபாய்.

நாலு தவணையாக, தவணைக்கு 3,000 சதுர அடி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் 3,30,000 ரூபாய், சரக்கு இறங்கி 30 நாளில் பணம். கையெழுத்தான அன்றே 3,30,000 முன்பணம் வந்துவிட்டது. அது கடைசித் தவணைக்குக் கழிக்கப்படும் என்று பேச்சு. இந்த முன்பணம் பின்னால் பெரிய விஷயமாகிறது.

கல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சாந்தைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காய வைப்பார்கள். கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. இந்த விடுதிக்காரர்கள் கேட்ட பூவும் நிறமும் தனி. அதற்கென்று புது அச்சு அடித்திருந்தார்கள். வேறு வீட்டுக்காரர் அதே விலைக்கு வாங்க மாட்டார். வாங்குபவர் கவிழ்ந்தால் அந்தக் கல்லின் மதிப்பும் பாதிக்கு மேல் கவிழும். வழக்கமான பூக்கல்லாக இருந்திருந்தால் அண்ணன் அவ்வளவு பதறியிருக்க மாட்டார்.

ஒப்பந்தம் நிறுவனத்தின் வக்கீல் ஆங்கிலத்தில் எழுதியது. அதில் இரண்டு ஷரத்துகள் நமக்கு முக்கியம். 13-வது ஷரத்தின்படி, பணம் தவறினால் எழுத்தில் அறிவித்து 14 நாள் அவகாசம் தர வேண்டும்; அதற்குள்ளும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முடிக்கலாம். 14-வது ஷரத்து திவால் ஷரத்து. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘ஒரு தரப்பு தன் கடன்களை அவை கட்ட வேண்டிய நேரத்தில் கட்ட இயலாத நிலையை அடைந்தால், அல்லது இயலாது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால், அல்லது அத்தரப்பின் மீது திவால் நடவடிக்கை ஏற்கப்பட்டால், மறுதரப்பு எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை உடனே முடித்துக்கொள்ளலாம்.’

படித்தால் ஒரே வாக்கியம். உள்ளே மூன்று தனித்தனிக் கதவுகள் இருக்கின்றன. இந்த வழக்கில் எந்தக் கதவு எந்த நாளில் திறந்தது என்பதுதான் எல்லாம்.

முடியாமையா, மறுப்பா

முதல் தவணை ஆகஸ்ட் 3-ஆம் தேதி போனது. செப்டம்பர் 2-க்குள் வர வேண்டிய பணம் 9-ஆம் தேதி வந்தது. ஒரு வாரத் தாமதம், யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாம் தவணை செப்டம்பர் 20-ல் இறங்கியது. அக்டோபர் 20-க்குள் பணம் வரவில்லை. கேட்டபோது, 140 கல்லில் நிறம் கொஞ்சம் மாறுகிறது என்று தளப் பொறியாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

அப்போதே அண்ணன் என்னிடம் வந்திருந்தார். “அவங்க ஐ.பி. கொடுக்கப் போறாங்கன்னு ஊர்ல பேச்சு தம்பி. ஒப்பந்தத்தை முறிச்சிரலாமா?” என்றார். வேண்டாம் என்றேன். அதன் காரணத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

பணம் தராமல் இருப்பதும் பணம் தர முடியாமல் இருப்பதும் ஒன்றல்ல. கல்லில் குறை சொல்லிப் பணத்தை நிறுத்துகிறவர் கையில் கோடி ரூபாய் இருக்கலாம். அது ஒரு தகராறு. அதற்கு 13-வது ஷரத்து இருக்கிறது. 14-வது ஷரத்தின் முதல் கதவு திறக்க வேண்டுமானால், அவர் பொதுவாகவே கடன்களைக் கட்ட முடியாத நிலையில் இருக்கிறார் என்று நாம் காட்ட வேண்டும். ஊர்ப் பேச்சு அதற்குச் சான்று ஆகாது. தவறான நேரத்தில் ‘நீ திவால்’ என்று எழுதி ஒப்பந்தத்தை முறித்தால், முறித்தவர் நாம்தான் என்று ஆகிவிடும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 39-வது பிரிவின்படி அவர்கள் அதையே காரணமாக்கி நம்மை நஷ்ட ஈடு கேட்கலாம். முன்பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள்.

எனவே அக்டோபரில் நிற மாற்றத்துக்கு மட்டும் பதில் எழுதினோம். கையால் செய்கிற கல்லில் இலேசான நிற வேறுபாடு இருக்கும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, 140 கல்லையும் மாற்றித் தரத் தயார் என்றும் சொன்னோம். அதற்குப் பிறகு அவர்கள் குறை எதுவும் எழுதவில்லை. நவம்பர் 4 தேதியிட்டு 3,30,000-க்குக் காசோலை அனுப்பினார்கள். அண்ணன் அதை வங்கியில் போட்டுவிட்டு, நல்ல மனதோடு மூன்றாம் தவணையை 6-ஆம் தேதி இரவு லாரியில் ஏற்றினார். 7-ஆம் தேதி காசோலை ‘போதிய நிதி இல்லை’ என்று திரும்பியது.

போனில் பேசிக்கொண்டே, “அண்ணே, கம்பெனிகிட்ட இருந்து வேற ஏதாவது வந்திருக்கா பாருங்க” என்றேன். பட்டறைக் கணக்குப் பையன் மின்னஞ்சலைத் திறந்தான். நவம்பர் 4 இரவு எல்லா சப்ளையர்களுக்கும் ஒரே கடிதம் போயிருந்தது. வங்கி கடன் வரம்பை நிறுத்திவிட்டது, புது முதலீட்டாளர் வரும் வரை எந்த சப்ளையருக்கும் பணம் கொடுக்க இயலாது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. மூன்று நாளாக யாரும் படிக்காமல் கிடந்த கடிதம்.

இரண்டாவது கதவு அந்தக் கடிதத்தில் திறந்துவிட்டது. இனி நாம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். திரும்பிய காசோலை அதற்குத் துணைச் சான்று. இப்படிப்பட்ட ஷரத்தில் ‘எழுத்தில் ஒப்புக்கொண்டால்’ என்ற இரண்டு சொல் இருக்கிறதா என்று நான் இப்போது முதலில் தேடுகிறேன். கணக்குப் புத்தகம் அவர்கள் கையில் இருக்கும்போது வெளியாளால் ‘இயலாமை’யை நிரூபிப்பது பெரும்பாடு.

முதலில் லாரி

ஒப்பந்தத்தை முடிப்பது அடுத்த வேலை. அன்று மாலைக்குள் செய்ய வேண்டியது லாரியை நிறுத்துவது. அதற்கு 14-வது ஷரத்தே தேவையில்லை. பலருக்கு இது தெரிவதில்லை.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பணம் கிடைக்காத விற்பனையாளருக்குச் சில உரிமைகளைத் தானாகவே தருகிறது. வாங்குபவர் திவாலாகிவிட்டால், கடனுக்கு விற்ற சரக்காக இருந்தாலும், கையில் இருப்பதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். வழியில் இருப்பதை நிறுத்தித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இங்கே ‘திவால்’ என்பதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டாம். வழக்கமான வியாபாரப் போக்கில் கடன் கட்டுவதை நிறுத்திவிட்டவர், அல்லது கட்ட வேண்டிய நேரத்தில் கட்ட முடியாதவர் என்றால் போதும் என்று அந்தச் சட்டத்தின் விளக்கப் பிரிவே சொல்கிறது. நவம்பர் 4 கடிதம் அதற்கு அப்படியே பொருந்தியது.

ஆனால் சரக்கு உண்மையிலேயே ‘வழியில்’ இருக்க வேண்டும். வாங்குபவரின் சொந்த வண்டியில் ஏற்றியிருந்தால், ஏற்றிய நிமிடமே அவர் கைக்குப் போய்விட்டது என்று வாதிடுவார்கள். இங்கே லாரி காரைக்குடி லாரி ஆபீஸில் அண்ணன் பேசிய வண்டி. வாடகையை இறக்குமிடத்தில் கொடுப்பது என்று ஏற்பாடு. அதனால் கெடுதல் இல்லை. லாரிக்காரர் இடைநிலை ஆள்தான். வாங்குபவருக்கான லாரி ரசீதும் டிரைவரிடமே இருந்தது. அதை வைத்து வாங்குபவர் சரக்கை வேறு ஒருவருக்கு விற்றுவிட வழியில்லை.

நிறுத்துவதற்குத் தனிச் சடங்கு எதுவும் இல்லை. வண்டி யார் கையில் இருக்கிறதோ அவருக்கோ, அவருடைய முதலாளிக்கோ, வண்டி போய்ச் சேருமுன் சொல்ல நேரம் இருக்கும்படி அறிவித்தால் போதும். முதலில் டிரைவருக்குப் போன். அப்புறம் லாரி ஆபீஸுக்கு நாலு வரிக் கடிதம்: சரக்கின் விவரம், ரசீது எண், வாங்குபவர் கடன் கட்ட இயலாதவராகிவிட்டார், சரக்கை ஒப்படைக்க வேண்டாம், திருப்பிக் கொண்டுவரவும், செலவு எங்களுடையது. கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, கையிலும் கொடுத்து நகலில் நேரம் எழுதி வாங்கினோம். மாலை 4.40. வண்டி வாடிப்பட்டியில் ஒரு டீக்கடை ஓரம் நின்றது. மறுநாள் காலை கல் பட்டறைக்குத் திரும்பியது. போக வரச் செலவு 14,000 ரூபாய்.

இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் அந்த 3,000 சதுர அடியும் விடுதி வளாகத்தில் இறங்கியிருக்கும். இறங்கிய பிறகு இந்த உரிமை இல்லை.

ஏன் அன்றே முடிக்கவில்லை

லாரி நின்றதும் அண்ணன், “சரி, இப்ப முறிச்சிரலாம்ல?” என்றார். உரிமை இருந்தது. இருந்தும் பதினைந்து நாள் பொறுக்கச் சொன்னேன்.

நவம்பர் 9-ஆம் தேதி அனுப்பிய கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன. இரண்டாம் தவணைப் பணம் தவறியதற்கு 13-வது ஷரத்தின்படி 14 நாள் அவகாசம். அதுவரை சரக்கு அனுப்புவது நிறுத்திவைப்பு. 14-வது ஷரத்தின் கீழ் எங்களுக்குப் பிறந்த உரிமையை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்ற ஒரு வரி. 10-ஆம் தேதி அவர்களுக்குக் கிடைத்தது. பதில் வரவில்லை. 24-ஆம் தேதியோடு அவகாசம் தீர்ந்தது. 25-ஆம் தேதி ஒப்பந்தத்தை முடித்துக் கடிதம் அனுப்பினோம். காரணமாக முதலில் பணம் தவறியதை எழுதினோம். இரண்டாவதாகத்தான் கடன் கட்ட இயலாமை.

இந்த வரிசைக்கு இரண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் காரணம்.

முதலாவது, 2021 மார்ச் 8-ல் வந்த குஜராத் ஊர்ஜா விகாஸ் நிகம் வழக்கு. ஆஸ்டன்ஃபீல்டு என்ற நிறுவனம் குஜராத்தில் 25 மெகாவாட் சூரிய மின் நிலையம் வைத்திருந்தது. அதன் மின்சாரத்தை வாங்க இருந்த ஒரே ஆள் அந்த மாநில நிகமம். நிறுவனம் 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் கீழ் வந்ததும், திவால் ஷரத்தை மட்டும் காரணமாக்கி ஒப்பந்தத்தை முடிக்க நிகமம் அறிவிப்பு அனுப்பியது. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதைத் தடுத்தது. உச்சநீதிமன்றம் தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. திவால் என்ற ஒரே காரணத்துக்காக முடிக்கப்படுகிற ஒப்பந்தம், அந்த நிறுவனத்தின் உயிர்நாடியாக இருந்தால், தீர்ப்பாயம் தலையிடலாம். அதே சமயம், இத்தகைய ஷரத்துகள் எல்லாமே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் பொதுவான விதி நம் சட்டத்தில் இல்லை. அது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது.

இரண்டாவது, அதே ஆண்டு நவம்பர் 23-ல் வந்த டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கு. அங்கே இடமும் வசதியும் தந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதன் சேவையில் இருந்த குறைகளுக்காக டி.சி.எஸ். ஒப்பந்தத்தை முடித்தது. தீர்ப்பாயம் அதற்குத் தடை போட்டது. உச்சநீதிமன்றம் தடையை நீக்கியது. முடித்ததற்குக் காரணம் திவாலோடு தொடர்பில்லாததாக இருந்தால் தீர்ப்பாயம் தலையிட முடியாது. தொடர்பு இருந்தாலும், முடிப்பதால் நிறுவனமே செத்துப்போகும் என்ற நிலை இருந்தால்தான் தலையிடலாம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிறு வியாபாரி செய்ய வேண்டியது தெரியும். திவால் ஷரத்தை மட்டும் நம்பி எழுதும் கடிதம் தாக்குதலுக்கு இடம் கொடுக்கும். பணம் தவறியது, அவகாசம் தந்தது, தீர்ந்தது என்று நிற்கும் கடிதத்தை அசைப்பது கடினம். எங்களுக்கு இரண்டு காரணமும் இருந்தன. வலுவானதை முன்னால் வைத்தோம்.

பொறுத்ததில் ஆபத்தும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. அந்தப் பதினைந்து நாளுக்குள் தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்றிருந்தால் எங்கள் நிலை மாறியிருக்கும். அதனால் நான் தினமும் காலையில் சென்னை அமர்வின் வழக்குப் பட்டியலைப் பார்த்தேன். கடன் கொடுத்த நிதி நிறுவனம் ஒன்றின் மனு நிலுவையில் இருந்தது. வாதத்துக்கு இன்னும் எடுக்கப்படவில்லை. அந்த மனு விசாரணைக்கு வரும் தறுவாயில் இருந்திருந்தால், 14-வது ஷரத்தின் இரண்டாவது கதவு வழியாக அன்றே முடித்திருப்பேன்.

முன்பணம்

25-ஆம் தேதிக் கடிதத்தில் இன்னொரு பத்தியும் இருந்தது. கணக்கு முடிக்கும் பத்தி: இரண்டாம் தவணைக்கு வர வேண்டியது 3,30,000. எங்களிடம் உள்ள முன்பணம் 3,30,000. நாலாம் தவணை இனி இல்லாததால், இதே ஒப்பந்தத்தில் வர வேண்டியதற்கு இதைக் கழித்துக்கொண்டோம்.

இதை எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திவால் நடவடிக்கை தொடங்கிய பிறகு, நமக்கு வர வேண்டிய பழைய பாக்கியை நம் கையில் உள்ள அவர்கள் பணத்தோடு கழித்துக்கொள்வது பொதுவாகச் செல்லாது. பார்தி ஏர்டெல் வழக்கில் உச்சநீதிமன்றம் 2024 ஜனவரி 3-ல் இதைச் சொன்னது. விலக்கு இரண்டுதான்: நடவடிக்கை தொடங்கும் முன்பே ஒப்பந்தப்படி நடந்துவிட்ட கழிப்பு, ஒரே பரிவர்த்தனைக்குள் ஒன்றோடொன்று பிணைந்த கணக்குகளின் கழிப்பு. நாங்கள் எழுதியபோது அந்தத் தீர்ப்பு வரவில்லை. ஆனால் நடவடிக்கைக்கு முந்தைய தேதி, ஒரே ஒப்பந்தம் என்ற இரண்டும் எங்கள் பக்கம் இருந்தன. கழிக்காமல் விட்டிருந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டாம் தவணைப் பாக்கிக்குக் கடன்காரர் வரிசையில் நின்றிருப்பார் அண்ணன்.

தை மாதக் கடிதம்

2024 ஜனவரி கடைசி வாரத்தில் தீர்ப்பாயம் நிதி நிறுவனத்தின் மனுவை ஏற்றது. மூன்றாவது கதவு அன்றுதான் திறந்தது. அதே நாளில், நிறுவனத்தின் மீது வழக்கோ வசூலோ நடத்தக் கூடாது என்ற தடைக்காலமும் தொடங்கியது. நிறுவனத்தின் நிர்வாகம் இடைக்காலத் தீர்வு நிபுணர் ஒருவரின் கைக்குப் போனது.

பிப்ரவரியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, திவால் காரணமாக முடித்தது செல்லாது, மூன்றாம் நாலாம் தவணைகளை உடனே அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார். குஜராத் ஊர்ஜா தீர்ப்பையும் காட்டியிருந்தார். அண்ணன் அந்த இரவு தூங்கவில்லை என்று அவர் வீட்டில் ஆச்சி சொன்னார்கள்.

பதில் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. ஒப்பந்தம் நவம்பர் 25-ல் முடிந்துவிட்டது. தடைக்காலம் ஏற்கெனவே முடிந்த ஒப்பந்தத்தை உயிர்ப்பிக்காது. முடித்த முதல் காரணம் பணம் தவறியது. தரைக்கல் இல்லாவிட்டால் விடுதி நிறுவனம் செத்துவிடாது. கல் வேறு பட்டறையிலும் கிடைக்கும். இதற்குத் தீர்வு நிபுணர் மறுப்பு எழுதவில்லை. தீர்ப்பாயத்துக்கும் போகவில்லை.

ஒப்பந்தம் அன்று உயிரோடு இருந்திருந்தால் கதை வேறு. 2020-ல் திவால் சட்டத்தில் சேர்த்த ஒரு துணைப்பிரிவு, நிறுவனத்தின் மதிப்பைக் காக்க இந்தச் சரக்கு அவசியம் என்று தீர்வு நிபுணர் கருதினால், தடைக்காலத்தில் அதை நிறுத்தக் கூடாது என்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் அனுப்பும் சரக்குக்குப் பணம் தராவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். அப்போதும் கல்லை இலவசமாகக் கொடுக்க வேண்டியிருக்காது. ஆனால் பழைய பாக்கி பழைய பாக்கியாகவே கிடந்திருக்கும்.

அதே விடுதிக்கு மரக்கதவும் நிலையும் செய்த காரைக்குடி ஆசாரி ஒருவரும் என்னிடம் வந்தார். அவர் மனு ஏற்கப்பட்ட பிறகுதான் முறிப்புக் கடிதம் அனுப்பியிருந்தார். பணம் வரும் வரை பொருள் எனக்கே சொந்தம் என்று அவர் ஒப்பந்தத்தில் வரி இருந்தது. ஆனால் கதவுகள் விடுதி வளாகத்தில், நிறுவனத்தின் கையில் இருந்தன. நிறுவனத்தின் கையில் இருக்கும் பொருளை அதன் உரிமையாளர்கூடத் தடைக்காலத்தில் எடுக்க முடியாது. அவருடைய கதவுகள் இதை எழுதும்போதும் அங்கேதான் சாத்தி வைத்தபடி இருக்கின்றன.

அண்ணன் பக்கம் கவிழ்ந்திருந்தால்

14-வது ஷரத்து இருதரப்புக்கும் பொது. அண்ணனே நொடிந்திருந்தால்? இந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன்.

அவர் பட்டறை கம்பெனி அல்ல, தனி ஆள் தொழில். தனிநபருக்கும் கூட்டாளித் தொழிலுக்குமான 2016 சட்டத்தின் பகுதி, கம்பெனிகளுக்கு ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறது. மற்றவர்களுக்கு நம் மாவட்டங்களில் இன்னும் 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான். மஞ்சள் கடுதாசி என்று ஊரில் சொல்வது அதைத்தான். கடன்காரர்களில் ஒருவருக்கு ‘இனி கடன் கட்டுவதை நிறுத்துகிறேன்’ என்று எழுதினாலே அந்தச் சட்டத்தில் அது திவால் செயல். கம்பெனிக்குக் கிடைப்பதுபோல, ஒப்பந்தத்தை உயிரோடு பிடித்து நிறுத்தித் தரும் தீர்வு நிபுணரோ, தலையிடும் தீர்ப்பாயமோ அவருக்கு இல்லை. ஒரே வாக்கியம் ஒரு பக்கம் மழுங்கியும் மறுபக்கம் முழுக் கூர்மையோடும் நிற்கிறது. அதனால் தொல்லையான மாதத்தில் சப்ளையர்களுக்கோ வாடிக்கையாளர்களுக்கோ ‘என்னால் யாருக்கும் கட்ட முடியவில்லை’ என்ற வாசகத்தை எழுதவே வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். குறிப்பிட்ட பில்லுக்குக் குறிப்பிட்ட தேதி வரை அவகாசம் கேட்கலாம். அது இயலாமையின் ஒப்புதல் ஆகாது.

கல்லின் கணக்கு

திரும்பி வந்த 3,000 சதுர அடியை விற்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மறுவிற்பனை செய்யப்போகிறோம் என்று வாங்குபவருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, நியாயமான அவகாசம் விட்டால்தான் குறைந்த விலைக்கு விற்ற நஷ்டத்தை அவரிடம் கோரலாம். சொல்லாமல் விற்றால் நஷ்டம் நம்முடையது. அதிக விலைக்குப் போனால் லாபம் அவருடையது. நவம்பர் 25 கடிதத்திலேயே இந்த அறிவிப்பையும் வைத்திருந்தோம்.

காரைக்குடியில் வீடு கட்டிய ஒருவர் 1,800 சதுர அடியை 75 ரூபாய்க்கு எடுத்தார். அடிக்கு 35 ரூபாய் குறைவு. 63,000 ரூபாய் நஷ்டம். மீதி 1,200 பட்டறையில் கிடந்தது.

பங்குனியில் தீர்வு நிபுணரே போன் செய்தார். ஒரு கட்டு முடிந்தால் விடுதியைக் காட்டி விலை பேசலாம், அதே பூவில் 1,200 சதுர அடி கிடைக்குமா என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். பழைய ஒப்பந்தத்தின் தொடர்ச்சி அல்ல, புது ஆர்டர், பழைய விலை 110, முழுப் பணமும் வங்கியில் வந்த பிறகு வண்டி ஏறும் என்று எழுதிக் கொடுத்தோம். 1,32,000 ரூபாய் மூன்றாம் நாள் வந்தது. அந்த லாரி எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தது.

மறுவிற்பனை நஷ்டம் 63,000, லாரிச் செலவு 14,000, ஆக 77,000 ரூபாய்க்குக் கடன்காரர்கள் பட்டியலில் கோரிக்கை பதிவு செய்தோம். அது ஏற்கப்பட்டது. வங்கிகளுக்குப் பின்னால் நிற்கும் வரிசை அது. இதுவரை அதிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை. நாலாம் தவணைக் கல்லை அண்ணன் வார்க்கவே இல்லை.